கலைச்சொல் தேவை: விளக்கு கக்கும் ஒளியில் மேசைக்கு வந்து சேருவது எவ்வளவு?

மெய்யம்மை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். எங்கள் பள்ளி ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் நடக்கிறது. வளவைச் சுற்றியுள்ள அறைகளும் பின்கட்டும்தான் வகுப்புகள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து, தங்கள் அறைக்கு எத்தனை எல்.இ.டி. ட்யூப் வேண்டும் என்று கணக்குப் போடச் சொல்லலாம் என நினைத்தேன். சூத்திரம் சின்னதுதான்:

```
N = (E × A) / (F × UF × MF)
```

E வேண்டிய லக்ஸ், A தரைப் பரப்பு, F ஒரு ட்யூப் தரும் லூமன், MF தூசும் வயதும் ஏறிய பிறகு எஞ்சும் ஒளியின் அளவு. இதுவரை சிக்கல் இல்லை. UF, அதாவது utilisation factor என்பதற்குத்தான் தமிழ் தேடுகிறேன். "பயன்பாட்டுக் காரணி" என்று ஒரு கையேட்டில் இருக்கிறது. அதைப் படித்த பையன் ஒருவன், "டீச்சர், லைட்டை எவ்வளவு நேரம் பயன்படுத்துறோம்னா?" என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை. வேறு சொல் கிடைக்குமா?

செல்வம் எழுதியது:

டீச்சர், நான் 22 வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். இதற்கு எதற்குச் சூத்திரம்? இருபது அடி அறைக்கு நாலு ட்யூப். அப்போது 40 வாட் குழல் போட்டோம், இப்போது 20 வாட் எல்.இ.டி. போடுகிறோம், வெளிச்சம் ஏறக்குறைய அதேதான். சொல் வேண்டுமானால் "சேதாரம்" என்று வையுங்கள். நகைக்கடையில் கழிப்பதைப் போல உத்திரமும் சுவரும் வெளிச்சத்தைக் கழித்துக்கொள்கின்றன. நம்ம ஊரில் சேதாரம் தெரியாத ஆள் உண்டா?

கோகிலா எழுதியது:

எங்களுக்குக் கண்டாங்கிச் சேலைத் தறிக்கூடம் இருக்கிறது. விளக்கு சாயங்காலம் மூன்று மணி நேரம்தான் எரியும். 24-க்கு 3 என்றால் எங்கள் பயன்பாட்டுக் காரணி 0.125 தானே? அதைப் போட்டால் ஐம்பது ட்யூபுக்கு மேல் வருகிறது. இது என்ன கணக்கு?

தேனப்பன் எழுதியது:

கோகிலா அம்மா, உங்கள் கேள்வியே மெய்யம்மை கேட்டதற்கு நல்ல சாட்சி. விளக்கு எரியும் நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அறையில் உள்ள விளக்குகள் மொத்தமாகக் கக்கும் ஒளியில், நேராக வந்ததும் சுவரில் பட்டுத் திரும்பியதும் சேர்ந்து, வேலை செய்யும் மட்டத்துக்கு எத்தனை பங்கு வந்து விழுகிறது என்பதுதான் UF. வகுப்பில் அந்த மட்டம் மேசை, உங்களுக்குத் தறியில் ஓடும் பாவு.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. மின்நிலையம் பற்றிய பாடத்திலும் இதே ஆங்கிலப் பெயரில் ஓர் அளவு வருகிறது. நிலையத்தின் உச்சத் தேவையை அதன் திறனால் வகுத்தால் கிடைப்பது அது. பாலிடெக்னிக்கில் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டுக் குழம்பியவர்களில் நானும் ஒருவன். தமிழிலும் ஒரே சொல்லை வைத்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து மொழிபெயர்த்ததாகிவிடும்.

செல்வம் தம்பி, பழைய குழலுக்குப் பதில் இது என்ற உங்கள் கணக்கு சரி. ஆனால் பழைய நாலு குழல் போதுமானதாக இருந்ததா என்பதல்லவா கேள்வி? மெய்யம்மை, அறையின் அளவு, உயரம், மேலே மரமா சுண்ணாம்பா, எல்லாம் எழுதுங்கள். போட்டுப் பார்ப்போம்.

மெய்யம்மை எழுதியது:

அறை 7 மீட்டருக்கு 6 மீட்டர். மேலே தேக்கு உத்திரமும் கட்டைகளும்தான். பல வருஷப் புகையும் தூசும் ஏறி, தேக்கு என்று சொன்னால்தான் தெரியும். சுவர் பழைய முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு, இன்னும் வெள்ளையாகப் பளபளக்கிறது. தரை சிவப்பும் பச்சையுமான ஆத்தங்குடிக் கல். ட்யூப் நான்கும் தரையிலிருந்து 4.2 மீட்டர் உயரத்தில், இரண்டு பக்கச் சுவரிலும் இரண்டிரண்டாக இருக்கின்றன. மேசை 75 சென்டிமீட்டர். ட்யூப் புதிது, அட்டைப்பெட்டியில் 2000 லூமன் என்று போட்டிருக்கிறது.

லக்ஸ் மீட்டர் ஒன்று இரவல் வாங்கி அளந்தும் பார்த்தேன். பகலில் 240 வந்தது.

தேனப்பன் எழுதியது:

பகலில் அளந்தது உங்கள் வளவு வெயிலை, விளக்கை அல்ல. இருட்டிய பிறகு கதவை அடைத்துவிட்டு, அறையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் மேசை மட்டத்தில் மீட்டரை வைத்து எடுங்கள். எடுக்கும்போது உங்கள் நிழல் மீட்டரில் விழக்கூடாது.

அதற்குள் தாளில் கணக்கு. வகுப்பறைக்கு 300 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 42 சதுர மீட்டர். ஆக மேசை மட்டத்துக்கு வந்து சேர வேண்டியது 12,600 லூமன்.

UF-ஐ மனத்திலிருந்து எடுக்க முடியாது, விளக்குக் கம்பெனி தரும் அட்டவணையில் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் அறையின் வடிவத்தை ஓர் எண்ணாக்க வேண்டும்: நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையை விளக்குக்கும் மேசைக்கும் இடையிலுள்ள உயரத்தால் பெருக்கி வருவதால் வகுங்கள். உங்கள் உயரம் 3.45 மீட்டர், எண் 0.94. இது சின்னதாக இருந்தால் அறை கிணறு மாதிரி என்று அர்த்தம், ஒளியில் பாதி சுவரிலேயே போய்விடும். என்னிடம் உள்ள ஒரு சாதாரணப் பட்டி விளக்கின் அட்டவணையில், கறுத்த கூரைக்கும் வெள்ளைச் சுவருக்கும் இந்த எண்ணுக்கு 0.4 அளவில் வருகிறது. தூசுக்கும் வயதுக்கும் MF 0.8. ஆக 12,600-ஐ 2000 × 0.4 × 0.8 = 640 ஆல் வகுத்தால் 19.7. இருபது ட்யூப்.

செல்வம் எழுதியது:

இருபதா! ஐயா, அது வகுப்பா கல்யாண மண்டபமா?

லெட்சுமணன் எழுதியது:

சொல்லுக்கு வருவோம். "சேதாரம்" வேண்டாம். அது போனதைக் குறிக்கும், நமக்கு வந்ததைக் குறிக்கும் சொல் வேண்டும். சேதாரம் 0.4 என்று எழுதினால் மாணவர் மீதி 0.6 என்று எடுத்துக்கொண்டு 14 ட்யூபில் நிறுத்திவிடுவார்.

என் முதல் எண்ணம் "ஒளிச்சேர் கெழு". எழுதிப் பார்த்ததும் நானே அடித்துவிட்டேன். ஒளிச்சேர்க்கை என்றாலே பிள்ளைகளுக்கு இலையும் பச்சையமும்தான். இரண்டாவது, "படுஒளிப் பங்கு". படுகதிர், படுகோணம் எல்லாம் பாடநூலில் இருப்பவை, ஆகவே குடும்பச் சொல்.

மெய்யம்மை எழுதியது:

ஐயா, வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். படுமோசம், படுவேகம் மாதிரி "படுஒளி" என்றால் கண் கூசும் ஒளியாம்! சேர் என்ற பகுதி பிடித்திருக்கிறது. "சேரொளிப் பங்கு" என்றால்? போய்ச் சேர்ந்த ஒளியின் பங்கு. "காரணி" என்பதைவிடப் "பங்கு" என்றால் ஒன்றுக்குள் அடங்கும் எண் என்பது சொல்லிலேயே தெரிகிறது.

நேற்று இரவு ஏழரைக்கு அளந்தேன். சுவரோரம் அதிகபட்சம் 98, பின் மூலையில் 54, ஒன்பதின் சராசரி 76. இதைத் திருப்பிப் போட்டால், 76 × 42 = 3192 லூமன் மேசை மட்டத்துக்கு வந்திருக்கிறது. நான்கு ட்யூப் தந்தது 8000. வகுத்தால் 0.4! ட்யூப் புதிது என்பதால் MF-ஐ 1 என்று எடுத்துக்கொண்டேன்.

தேனப்பன் எழுதியது:

அருமை. ஆனால் அட்டவணையோடு இவ்வளவு பொருந்தியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது. அட்டவணை, விளக்குகள் வரிசையாகப் பரவித் தொங்கும் அறைக்கு. உங்களுடையவை சுவரில் ஒட்டியிருக்கின்றன. நீங்கள் அளந்தது அந்த அமைப்பின் பங்கு. விளக்கை இடம் மாற்றினால் அதுவும் மாறும். பெட்டியில் அச்சிட்ட 2000 உண்மைதானா என்பதும் இந்த 0.4-க்குள் ஒளிந்திருக்கிறது.

எண் சொல்வது இதுதான்: வேண்டியது 300, இருப்பது 76, தூசு படிந்தால் 61.

செல்வம் எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருபதைப் போய் அந்த உயரத்தில் மாட்டாதீர்கள். கம்பியில் இறக்கித் தொங்கவிடுங்கள். கறுப்பு உத்திரத்துக்கு வெளிச்சம் காட்டி என்ன லாபம்?

தேனப்பன் எழுதியது:

செல்வம் சொன்னதுதான் இந்த இழையிலேயே பணத்தை மிச்சப்படுத்தும் யோசனை. 2.75 மீட்டருக்கு இறக்கினால் மேசையிலிருந்து உயரம் 2 மீட்டர். அறை எண் 1.6 ஆகிறது, அதே அட்டவணையில் பங்கு 0.5. இப்போது 12,600-ஐ 800 ஆல் வகுக்கிறோம், 15.75. பதினாறு ட்யூப், நாலு வரிசையில் நாலு நாலாக. இறக்கியதால் மட்டும் நாலு குறைந்தது.

ஒன்று கவனியுங்கள். மின்விசிறி இறக்கைக்கு மேலே ட்யூப் இருந்தால் நோட்டில் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும், பிள்ளைகளுக்குத் தலைவலி. விசிறிக்குக் கீழே, அதன் வட்டத்துக்கு வெளியே வரிசை போக வேண்டும்.

லெட்சுமணன் எழுதியது:

"சேரொளி" என்பதைச் சேர்கின்ற ஒளி என்றும் படிக்கலாம், சேர்த்துவைத்த ஒளி என்றும் படிக்கலாம். எனக்கு முழுத் திருப்தி இல்லை. "கெழு" என்பதை விடவும் மனமில்லை. MF-க்கு என்ன? "தேய்மானக் காரணி" என்றே எழுதலாமா?

தேனப்பன் எழுதியது:

அதில் ஒரு குழி இருக்கிறது. பழைய டிப்ளமா புத்தகங்களில் தேய்மானம் 1.25 என்று வரும், அதை மேலே வைத்துப் பெருக்குவார்கள். இங்கே 0.8, கீழே வைத்து வகுக்கிறோம். விடை ஒன்றுதான். ஆனால் பெயரைப் பார்த்து 0.8-ஐ மேலே பெருக்கினால், இருபது வர வேண்டிய இடத்தில் பதின்மூன்று வரும். நான் திருத்திய விடைத்தாள்களில் இந்தத் தப்பு அடிக்கடி கண்ணில் பட்டது. "எஞ்சும் பங்கு" என்று வைக்கலாம் என்பது என் கட்சி. தூசும் வயதும் போக எஞ்சுவது.

கோகிலா எழுதியது:

எஞ்சும் பங்கு, சேரொளிப் பங்கு... பங்கு என்றாலே எங்கள் பக்கம் கோர்ட்டுதான் ஞாபகம் வரும். அது இருக்கட்டும், என் தறிக்கூடத்துக்கு 300 போதுமா? நூல் எண்ணிப் பார்க்கும் வேலை.

தேனப்பன் எழுதியது:

நுணுக்க வேலைக்கு 300 பற்றாதம்மா. கூடம் முழுக்க ஏற்றுவதைவிடப் பாவுக்கு மேலே தனியாக ஒரு விளக்கு வைப்பது மேல். கூரை உயரமும் தறியின் அளவும் தனி இழையில் எழுதுங்கள்.

மெய்யம்மை எழுதியது:

பாடத்தாளில் "சேரொளிப் பங்கு (UF)" என்று போட்டுவிட்டேன். MF-க்கு இப்போதைக்கு எழுத்து மட்டும். லெட்சுமணன் ஐயா வேறு நல்ல சொல் தந்தால் அடுத்த வருஷத் தாளில் மாற்றுகிறேன்.

செல்வம் அண்ணே, இப்போது பிரச்சினை வேறு. உத்திரத்தில் ஓட்டை போட வீட்டுப் பங்காளிகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டுமாம், அதில் இரண்டு பேர் மலேசியாவில் இருக்கிறார்கள். ஓட்டை போடாமல் சுவருக்குச் சுவர் கம்பி இழுத்து 16 ட்யூபையும் தொங்கவிட முடியுமா?

செல்வம் எழுதியது:

முட்டைச் சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் பூச்சு பாளமாக வரும், அதற்கும் பங்காளிகள் சண்டைக்கு வருவார்கள். உத்திரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு, அதிலிருந்து சங்கிலி இறக்கலாம், ஓட்டையே வேண்டாம். உத்திரத்தின் குறுக்களவையும், இரண்டு உத்திரத்துக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதையும் அளந்து அனுப்புங்கள்.