ராத்திரி வேலைக்கு இன்வாய்ஸ் போட்டா தொகை குறையுது, உங்களுக்கும் நடந்திருக்கா? அனுபவத்தைப் பகிருங்க

ரங்கூன்_வள்ளி

எங்க பக்கம் கரண்ட் முறை வச்சு வர்றதால நான் பாதி வேலையை ராத்திரிலதான் முடிக்கிறேன், சப்டைட்டில் வேலை, சிங்கப்பூர்ல இருக்கற ஒரு ஏஜென்சிக்கு. மணிக்கு 12 சிங்கப்பூர் டாலர். டைம்ஷீட் அவங்க குடுத்த கூகுள் ஷீட்தான், B-ல கிளாக் இன், C-ல கிளாக் அவுட், D-ல பிரேக், மிச்சத்தை அதுவே போட்டுக்கும்.

போன மாசம் பகல் வேலை மொத்தம் 96 மணி, அதுபோக ரெண்டு நாள் ராத்திரி வேலை. அந்த ரெண்டு நாளும் 21:45-க்கு உள்ள வந்து விடியக்காலை 05:15-க்கு முடிச்சேன், நடுவுல அரை மணி பிரேக். நாளுக்கு ஏழு மணின்னு வச்சா 14 மணி, ஆக 110 மணி, 1320 டாலர். இன்வாய்ஸ்ல வந்தது 744.

எனக்கு இன்னும் மனசு ஆறாதது எதுன்னா, அங்க கணக்கு பாக்கற பொண்ணுக்கு போன் போட்டேன், அது ஷீட்டைத் திறந்து வச்சுகிட்டு "அக்கா, ராத்திரி ரெண்டு வரியிலயும் 7:00-ன்னுதானே இருக்கு, மணி நேரம் சரியாத்தானே காட்டுது, அப்புறம் எப்படி தப்பாகும்"னு கேக்குது. நானும் பாக்கறேன், நிஜமாவே 7:00-ன்னுதான் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே எண்ணைப் பாத்துகிட்டு இருக்கோம், அடியில தொகை மட்டும் 576 டாலர் குறையுது. பேங்க் சார்ஜா இருக்கும்னு சொல்லி வச்சிருச்சு. சார்ஜ் இவ்வளவு போகாதுன்னு தெரியும், ஆனா எங்க போச்சுன்னு காட்ட முடியல. யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

பெகு_பாலு

எனக்கும் ராத்திரி வேலைதான்க்கா, ஒரு வெப்சைட்டுக்கு ஆதரவு பாக்கறேன், சாயங்காலம் ஆறு டு காலைல ஆறு. ஆரம்பத்துல எனக்கும் மைனஸ் வந்துச்சு, மைனஸ் 12. நான் ABS போட்டு மைனஸைத் தூக்கிட்டேன், அவ்ளோதான், சுத்தமா 12 மணி வருது, வருஷக்கணக்கா அதே ஷீட்தான் ஓடுது. நீங்களும் போட்டுப் பாருங்க

```
=ABS(C2-B2)
```

மாண்டலே_கணக்கர்

வள்ளிம்மா, உங்க 576-ஐ 24 தடவை ரேட்டால வகுத்துப் பாருங்க. 24 தடவை 12, 288. 576-ல அது சரியா ரெண்டு தடவை போகுது. உங்களுக்கு ராத்திரி வேலையும் ரெண்டு. ஒவ்வொரு ராத்திரிக்கும் முழுசா ஒரு நாளோட காசு கழிஞ்சிருக்கு. பேங்க்கும் இல்ல ஒண்ணும் இல்ல.

நான் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸுக்கு பார்ட் டைமா கணக்கு எழுதறப்ப இதே மாதிரி ஒரு ஷீட் வந்துச்சு, ராத்திரி லாரி கூடப் போற ஆளுங்களோடது. ஒருத்தர் வந்து மேஜைல ஷீட்டைத் தட்டி "எட்டு மணின்னு எழுதியிருக்கு, எட்டு மணி காசு குடுங்க"ன்னார். அவர் கேட்டது நியாயம்தான். உள்ள இருந்த எண் எட்டு இல்ல, மைனஸ் 16.

ஷீட் நேரத்தை ஒரு நாளோட பங்காத்தான் வச்சிருக்கும். 21:45-ன்னா 0.90625, 05:15-ன்னா 0.21875. கழிச்சா மைனஸ் 0.6875, அதாவது மைனஸ் பதினாறரை மணி. பிரேக்கும் போச்சுன்னா மைனஸ் 17. ஆனா அந்தக் கட்டத்துக்கு வெறும் நேரம்னு ஃபார்மேட் வச்சிருந்தா கூகுள் ஷீட் மைனஸைக் காட்டாது, நேத்து நள்ளிரவுலேர்ந்து எண்ணி கடிகாரத்துல எந்த மணின்னு காட்டும், அது 7:00. எக்ஸெல்லா இருந்திருந்தா கட்டம் முழுக்க #### வந்து உடனே மாட்டியிருக்கும். உங்க ஷீட்ல பாக்கறதுக்கு ஏழு, பெருக்கறப்ப மைனஸ் 17. 17 தடவை 12, ஒரு ராத்திரிக்கு மைனஸ் 204. பகலோட 1152-ல ரெண்டு 204-ஐக் கழிச்சுப் பாருங்க, உங்க 744 அப்படியே வரும்.

அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி அந்தக் கட்டத்தை `Format > Number > Duration`-னு மாத்தச் சொல்லுங்க. மைனஸ் 17:00 கண்ணுக்கு வந்துரும், அதுக்கப்புறம் வாக்குவாதமே தேவையில்ல. திருத்தறதுக்கு இது போதும்:

```
=(MOD(C2-B2,1)-D2)*24*12
```

MOD ஒண்ணால போட்டா மைனஸ் 0.6875 வந்தது 0.3125 ஆயிரும், ஏழரை மணி. பகல் வேலைக்கு அது ஒண்ணும் பண்ணாது, இருந்தது இருந்தபடி இருக்கும். அதனால எல்லா வரிக்கும் ஒரே ஃபார்முலாவை இழுத்து விடலாம். 24-ஆல பெருக்கறதை விட்டுறாதீங்க, விட்டா ஏழு மணிக்கு மூணரை டாலர் வரும்.

பாலு தம்பி, ABS தப்பு. உங்களுக்கு சரியா வர்றது ஆறு டு ஆறுங்கறதால மட்டும்தான், ஒரு நாள்ல பாதி 12, மிச்சமும் 12. வள்ளிம்மாவுக்கு ABS போட்டா ஏழரைக்குப் பதிலா பதினாறரை வரும்.

பெகு_பாலு

அண்ணே வருஷக்கணக்கா ஓடுதுங்கறேன். கிளையன்ட் ஒரு வார்த்தை கேட்டதில்ல. வேலை செய்யற ஃபார்முலாவை எதுக்கு மாத்தணும்

மாண்டலே_கணக்கர்

ஏழு மணிக்கு உள்ள வந்த நாள் ஒண்ணைப் போட்டுப் பாருங்க தம்பி. 19:00 டு 06:00. செஞ்சது 11 மணி, ABS 13 காட்டும். லேட்டா வந்த அன்னைக்கு காசு கூட வரும். கிளையன்ட் அதைக் கண்டுபிடிக்கறப்ப நீங்க வேணும்னே செஞ்சதாத்தான் நினைப்பாங்க, அதுக்காகத்தான் சொல்றேன்.

மொகல்தெரு_அக்கா

வள்ளி, முதல்ல ராத்திரி வேலைக்கு எதுக்கு பகல் ரேட்டே வாங்கறே? நான் மொழிபெயர்ப்பு பண்றேன், ஒருமுறை விடியவிடிய ஒரு ஒப்பந்தம் பண்ணிக் குடுத்தேன், காலைல மோஹிங்கா கடைல உக்காந்து இன்வாய்ஸ் அடிக்கறேன், அப்பத்தான் தோணுச்சு இதுக்கும் பகலுக்கும் ஒரே ரேட்டான்னு. அதுலேர்ந்து பத்து மணிக்கு மேல ஒன்றரை மடங்கு. முன்னாடியே எழுத்துல வாங்கிரணும், பின்னாடி கேட்டா யாரும் தரமாட்டாங்க. எந்த மணிலேர்ந்து எந்த மணி வரைக்கும் ராத்திரின்னு எழுதணும், யார் ஊர் மணின்னும் எழுதணும். உன்னோட 21:45 வேலைல முதல் கால் மணி பகல் ரேட், மிச்சம் ராத்திரி ரேட், அதை ஒரே வரில போட்டா சண்டைதான் வரும், நான் பத்து மணிக்கு ஒரு கிளாக் அவுட் போட்டுட்டு அதே பத்து மணிக்கு மறுபடி கிளாக் இன் போட்டுருவேன், ரெண்டு வரி, ரெண்டு ரேட். பிரேக் எந்த வரில கழியுதுன்னும் பாத்துக்கணும், ராத்திரி வரில எடுத்த பிரேக்கை பகல் வரில கழிச்சா உனக்கு லாபம், கிளையன்ட் அதைக் கவனிச்சா கேப்பாங்க. கேட்டு வாங்கு தங்கச்சி, கூச்சப்படாதே.

ரங்கூன்_வள்ளி

அக்கா ரேட் பேசி முடிவானதுதான், நான் கேட்டது அந்தத் தொகை. கணக்கர் அண்ணே, நீங்க சொன்னபடி ஃபார்மேட் மாத்தச் சொன்னேன், மைனஸ் 17:00 ரெண்டு வரியிலயும் வந்துச்சு. அந்தப் பொண்ணு போன்ல ஒண்ணுமே பேசல கொஞ்ச நேரம். இப்ப திருத்தின இன்வாய்ஸ் கேட்டிருக்காங்க, அதுக்கு முந்தின மாசங்களோடதையும் எடுத்துப் பாக்கறேன்.

இரவுக்காவலன்_77

MOD-ஐ எல்லாரும் தலைல தூக்கி வச்சு ஆடறீங்க, அதுலயும் ஒரு கேடு இருக்கு. எங்க டீம்ல ஒரு தம்பி மதியம் வேலை பாத்துட்டு கிளாக் இன் 17:30, கிளாக் அவுட் 17:00-ன்னு தட்டிட்டான், நிஜத்துல உள்ள வந்தது 13:30. பழைய ஷீட்டா இருந்தா மைனஸ் வந்து கத்தியிருக்கும். MOD சத்தமே போடாம 23:30 குடுத்துச்சு, இருபத்திமூணரை மணி நேரம் வேலைன்னு பில் போயிருச்சு. கிளையன்ட் திருப்பி அனுப்பின மெயில்ல அந்த ஒரு வரிக்கு மஞ்சள் அடிச்சு வேற எதுவும் எழுதல, அதைப் பாத்த அந்தத் தம்பி மூஞ்சி இன்னும் கண்ணுலயே நிக்குது.

அதனால MOD போடறவங்க கண்டிஷனல் ஃபார்மேட்டிங்ல இதையும் போடுங்க, 14 மணிக்கு மேல போனா செவப்பாகட்டும்:

```
=MOD(C2-B2,1)>14/24
```

இன்னொண்ணு, உள்ள வந்த மணியும் வெளிய போன மணியும் ஒண்ணா இருந்தா MOD சைபர்தான் காட்டும், முழு நாள் வேலைன்னு அதுக்குத் தெரியாது. என்னைக் கேட்டா மணியை மட்டும் எழுதறதே தப்பு. தேதியும் மணியும் சேத்து ஒரே கட்டத்துல எழுதுங்க, 31-ம் தேதி 21:45, 1-ம் தேதி 05:15-ன்னு. அப்ப MOD-ஏ வேண்டாம், வெறும் கழித்தல் போதும், தப்பா தட்டினா மைனஸும் வரும், தெரிஞ்சுரும்.

மாண்டலே_கணக்கர்

காவலன் சொல்றது சரி, தேதியோட எழுதறதுதான் உறுதியானது. ஆனா ராத்திரி முழுக்க கண் முழிச்சவங்க விடியக்காலைல தேதியையும் சரியா மாத்தி எழுதுவாங்கன்னு எதிர்பாக்கறது கஷ்டம். எங்க லாரிக்காரங்க நாலு வரிக்கு ஒரு வரி பழைய தேதியையே எழுதினாங்க. அவங்களுக்கு மணி மட்டும், MOD, அந்தச் செவப்பு, மூணும் சேந்தாத்தான் ஓடுச்சு. ஆளைப் பொறுத்தது.

மோல்மேன்_செல்வம்

எனக்கு ஃபார்முலா எல்லாம் சரியாத்தான் வருது, பிரச்சனை வேற. எனக்கும் கிளையன்ட் சிங்கப்பூர்தான். நமக்கும் அவங்களுக்கும் ஒன்றரை மணி. மாசக் கடைசி 31-ம் தேதி ராத்திரி 22:45-க்கு உக்காந்தேன், அவங்க ஊர்ல அப்பவே 1-ம் தேதி 00:15. நான் அந்த மாச இன்வாய்ஸ்ல போட்டேன், அவங்க சிஸ்டம்ல அடுத்த மாசம்னு விழுந்துருச்சு, அந்த மாச பட்ஜெட்ல இல்லன்னு நிறுத்தி வச்சுட்டாங்க. மணி நேரத்துல ஒரு நிமிஷம் கூட சண்டை இல்ல, எந்த மாசம்ங்கறதுலதான். இதுக்கு என்ன செய்யறீங்க? நள்ளிரவுல வெட்டி ரெண்டு வரி போடலாம்னா யார் ஊர் நள்ளிரவு?

இரவுக்காவலன்_77

காசு குடுக்கறவங்க ஊர் மணிதான் எழுதணும். நான் கிளாக் இன் கிளாக் அவுட் ரெண்டையும் சிங்கப்பூர் மணிலதான் எழுதறேன்.

மாண்டலே_கணக்கர்

சிங்கப்பூருக்கு அது ஓடும், அவங்க கடிகாரத்தை மாத்தறதில்ல. லண்டன் கிளையன்ட்டுக்கு அப்படி எழுதினா அக்டோபர் கடைசி ஞாயிறு விடியக்காலைல ஒரு மணி நேரம் காணாமப் போகும். அங்க சனி ராத்திரி 22:00-லேர்ந்து காலை 06:00 வரைக்கும்னு எழுதுவீங்க, எட்டு மணின்னு வரும், கடிகாரத்தைப் பின்னால திருப்பினதால நீங்க உக்காந்தது ஒம்பது. நம்ம ஊர் மணில அது 03:30-லேர்ந்து 12:30, ஒம்பது சரியா வரும். அதனால மணி நேரத்தை நம்ம கடிகாரத்துல எண்ணறேன், எந்த மாசம்ங்கறதை மட்டும் கிளையன்ட்கிட்ட கேட்டு கிளாக் இன் ஆன தேதின்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்கறேன்.

மோல்மேன்_செல்வம்

கிளாக் இன் ஆன தேதியே எனக்கு 31, அவங்களுக்கு 1 அண்ணே. அங்கதான் மாட்டிகிட்டு நிக்கறேன்.

பெகு_பாலு

19:00 போட்டுப் பாத்தேன், 13 வருது. லேட்டா போன நாளை மட்டும் இனிமே கையால எழுதிக்கறேன், ஷீட்டை மாத்தல.

மொகல்தெரு_அக்கா

ஏன் தம்பி, கணக்கர் குடுத்த ஒரு வரியை ஒட்டறதுக்கு என்ன? லேட்டா போன நாளை நீ மறந்து போற அன்னைக்கு என்ன ஆகும்?