"பனோ" என்று எழுதினால் அது பேனாவா, குப்பையா?

புலவர்_ராமலிங்கம்:
தமிழ், சொன்னதைச் சொன்னபடி எழுதும் மொழி. ஆங்கிலம்போல எழுத்துக்கும் ஒலிக்கும் பகை கிடையாது. ஆகவே படிப்பதிலும் எழுதுவதிலும் சிக்கல் தரும் டிஸ்லெக்ஸியா என்ற கற்றல் குறைபாட்டுப் பேச்சே தமிழுக்குப் பொருந்தாது. நாலாம் வகுப்பில் "பேனா"வை "பனோ" என்று எழுதுகிறவனுக்கு வேண்டியது கவனம், சான்றிதழ் அல்ல. "பனோ"வுக்கு எந்த அகராதியிலும் பொருள் இல்லை. அது குப்பை.

கௌரி_சிறப்புக்கல்வி:
ஐயா, கோபப்படாமல் எண்ணிப் பாருங்கள். பேனாவில் எத்தனை வடிவம்? இரட்டைக்கொம்பு, ப, ன, கால். மொத்தம் நான்கு. பனோவில்? ப, இரட்டைக்கொம்பு, ன, கால். அதே நான்குதான். ஒன்றும் குறையவில்லை, கூடவுமில்லை. பிள்ளை "ப்" என்ற ஒலியைக் கேட்டு ப எழுதினான். அடுத்து "ஏ" கேட்டான், கொம்பைப் போட்டான். பிறகு "னா". காதில் விழுந்த வரிசை அப்படியே தாளில் இருக்கிறது. நம் எழுத்தில்தான் பின்னால் ஒலிக்கிற ஏகாரத்தின் கொம்பு முன்னால் நிற்கிறது. கொம்பை வலப்பக்கம் போட்டதும் அது அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டு, நம் கண்ணுக்கு "னோ" ஆகிவிடுகிறது. "சொன்னபடி எழுதும் மொழி" என்றீர்களே, சொன்னபடி எழுதியவன் அவன்தான்.

புலவர்_ராமலிங்கம்:
முப்பத்தொரு வருடம் தமிழ் நடத்தியவனுக்குக் கொம்பு எந்தப் பக்கம் என்று பாடம் வேண்டாம் அம்மா. பனோ என்றால் பனோதான்.

சுவடிப்பித்தன்:
புலவரே, உயிர்மெய்யில் மெய்யின் பின்தான் உயிர் தோன்றும் என்று தொல்காப்பியரே நூன்மரபில் சொல்லிவிட்டார். அந்தப் பையன் தொல்காப்பியர் பக்கம். நீங்கள் யார் பக்கம்?

புலவர்_ராமலிங்கம்:
தொல்காப்பியர் ஒலியைச் சொன்னார், கையெழுத்தை அல்ல. போன மாதம் சந்தி விவாதத்திலும் இப்படித்தான் பாதி நூற்பாவோடு வந்தீர்கள்.

வெற்றிவேல்_கோவை:
எல்லாரும் எழுத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இது கண் சமாச்சாரம். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளுக்கு எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பித் தெரியும். கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால், கலர் கண்ணாடி போட்டால் சரியாகும். பனோ அதற்கு நல்ல உதாரணம்.

கௌரி_சிறப்புக்கல்வி:
தம்பி, திருப்பி எழுதுவது இருக்கிறது என்பது வரை சரி. ஏழு வயதுவரை பல பிள்ளைகளும் ஓரளவு அப்படி எழுதுவார்கள், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் காரணம் கண் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-ல் கூட்டாகவே அறிக்கை விட்டார்கள்: கண் பயிற்சிக்கும் கலர் கண்ணாடிக்கும் ஆதாரம் இல்லை என்று. வீட்டிலேயே சோதிக்கலாம். "பேனா" என்று எழுதிக் காட்டி, பார்த்து எழுதச் சொல்லுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு வாயால் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பார்த்து எழுதும்போது கொம்பு சரியான இடத்தில் வந்து, சொல்லி எழுதும்போது மட்டும் வலப்பக்கம் போனால், கண்ணுக்கு அதில் வேலையில்லை. ஒலியை எழுத்தாக்கும் இடத்தில்தான் சிக்கல்.

வெற்றிவேல்_கோவை:
கண்ணே காரணமில்லை என்றால் எழுத்து ஏன் இடம் மாறுகிறது? திரும்பவும் சொல்கிறேன், பனோ என்பது திரும்பித் தெரிந்ததன் விளைவு.

கௌரி_சிறப்புக்கல்வி:
திரும்பித் தெரிந்திருந்தால் கொம்பின் சுழி எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும். பனோவில் எந்த வடிவமும் திரும்பவில்லை. நின்ற இடம் மட்டும் மாறியிருக்கிறது. இரண்டும் வேறு.

ரம்யா_அம்மா:
மேடம், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் பையனும் ஆங்கிலத்தில் பி, டி இரண்டையும் மாற்றிப் போடுவான். அதற்கு என்ன புத்தகம் வாங்கலாம்? தமிழ்ச் சொல்வதெழுதலில் அவன் எழுதினது இது. முட்டை மார்க்.

"மகேம வநதது. கரகம மாததில இருநதது. பனோ வணேடும."

புலவர்_ராமலிங்கம்:
பாருங்கள், இதிலும் பனோ! கரகம் ஆடிக்கொண்டு வந்திருக்கிறது. மாததில் என்றால் எந்த மாதத்தில்? இதற்கு மதிப்பெண் வேறு கேட்பார்கள்.

கௌரி_சிறப்புக்கல்வி:
ஐயா, ஒரு பிள்ளையின் தாளை வைத்துக் கேலி வேண்டாம். அம்மா, ஆங்கிலத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த வரி. சொன்னது "மேகம் வந்தது. காகம் மரத்தில் இருந்தது. பேனா வேண்டும்." சரிதானே? நீங்கள் சொல்லாமலே என்னால் படிக்க முடிந்தது. அர்த்தம் முழுதாக இருக்கிறது.

இதில் மூன்று விதப் பிழை. மூன்றுக்கும் எடை ஒன்றல்ல. எட்டு இடத்தில் புள்ளி வரவேண்டும், எட்டிலும் இல்லை. ஒன்றுகூட விடாமல் விடுபட்டால் அது பழக்கமாகவே இருக்கலாம், புள்ளியைப் பற்றி யாரும் அழுத்திச் சொல்லித் தராமல் இருந்திருக்கலாம். அதற்கு நான் அதிக எடை தரமாட்டேன். கொம்பு மூன்று இடம்: மே, பே, வே. மூன்றிலும் எழுத்துக்குப் பின்னால் போட்டிருக்கிறான். அதனால்தான் மகேம, பனோ, வணேடும.

என்னை நிறுத்திய இடம் மூன்றாவது. காகத்தின் கால் ர ஆகிவிட்டது, மரத்தின் ர கால் ஆகிவிட்டது. ஆனால் பேனாவின் கடைசிக் காலை மட்டும் சரியாகப் போட்டிருக்கிறான். "இருந்தது"வில் ரு பிசகவே இல்லை, ஏனென்றால் ருவின் வடிவம் காலைப்போல இல்லை. காலுக்கும் ரவுக்கும் அடியில் ஒரு சாய்ந்த கோடுதான் வித்தியாசம், அது அவன் நினைவில் ஒருமுறை நிற்கிறது, ஒருமுறை நழுவுகிறது. கவனமில்லாதவன் எங்கு வேண்டுமானாலும் தப்புவிடுவான். இவன் ஒத்த வடிவம் உள்ள இடத்தில் மட்டும் தடுமாறுகிறான்.

சுவடிப்பித்தன்:
ஓலைச்சுவடியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதே அல்ல. ஓலை கிழியும் என்று புள்ளி வைக்கமாட்டார்கள். ரவும் காலும் ஒரே வடிவம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாடு வீரமாமுனிவர் காலத்துக்குப் பிறகு நிலைத்தது. உ.வே.சா. இந்தச் சுவடிகளைத்தான் இடம் பார்த்துப் பொருள் கொண்டு பதிப்பித்தார். அவருக்குக் குப்பையாகத் தெரியவில்லை, புலவருக்குத் தெரிகிறது.

புலவர்_ராமலிங்கம்:
சுவடி எழுதியவன் கற்றவன். அவனோடு நாலாம் வகுப்பை ஒப்பிடாதீர்கள். எந்தச் சுவடியிலாவது கொம்பு எழுத்துக்குப் பின்னால் வந்திருக்கிறதா? பனோ என்று ஒரு சுவடி காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

சுவடிப்பித்தன்:
பேச்சை மாற்றாதீர்கள். புள்ளிக்கும் ரவுக்கும் பதில் சொல்லுங்கள்.

கௌரி_சிறப்புக்கல்வி:
சுவடி நண்பரே, உங்கள் உதவி எனக்கு உபத்திரவமாகிறது. சுவடி எழுதியவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதினார், படிப்பவருக்கும் அந்த வழக்கம் தெரியும். இந்தப் பிள்ளை ஒரே தாளில் ஒரே வடிவத்தை இரண்டு விதமாக எழுதுகிறான். அந்த நிலையின்மைதான் அடையாளம்.

ரம்யா அம்மா, செய்ய வேண்டியது இது. எழுதி முடித்த தாளைப் பார்க்காதீர்கள், எழுதும்போது பேனா முனையைப் பாருங்கள். முதலில் எழுத்தைப் போட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பிக் கொம்பை நெருக்கிச் செருகுகிறானா, வலப்பக்கமே போட்டுவிட்டுப் போகிறானா என்று குறித்துக்கொள்ளுங்கள். செருகின கொம்பு ஒல்லியாக, முந்தின எழுத்தை இடித்துக்கொண்டு நிற்கும். தாளில் சரியாகத் தெரிந்தாலும் அதுவும் அதே பிழைதான், பாதியில் திருத்தப்பட்டது.

சரிசெய்ய, கட்டம் போட்ட நோட்டு எடுங்கள். ஓர் உயிர்மெய்க்கு ஒரு கட்டம். பேனாவுக்கு இரண்டு கட்டம். "பே" என்று வாயால் முழுதாகச் சொல்லிக்கொண்டே முதல் கட்டத்தில் கொம்பு, அதே கட்டத்தில் ப. ப், ஏ என்று பிரித்துச் சொல்லவே கூடாது, பிரித்தால் கை ஒலி வரிசையில் போய்விடும். ஒரு நாளைக்கு ஆறு சொல், பத்து நிமிடம். ஏகாரம் உறுதிப்படும்வரை ஓகாரத்தைத் தொடாதீர்கள். அதில் கொம்பு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம் என்று இரண்டும் வருவதால் மறுபடி குழம்பும். பத்து முறை எழுது என்ற தண்டனை மட்டும் வேண்டாம். பனோவைப் பத்து முறை எழுதுவான், கைக்கு அது பழகிவிடும்.

வெற்றிவேல்_கோவை:
கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தால் இந்தப் பிரச்சினையே வராதே?

கௌரி_சிறப்புக்கல்வி:
இது நல்ல கேள்வி. தமிழ்99 விசைப்பலகையில் ப தட்டி, பிறகு ஏ தட்டினால் பே வந்துவிடும். ஒலி வரிசைதான் அங்கே விதி. வந்ததுவுக்கு ந, த அடுத்தடுத்துத் தட்டினால் ந்-க்குப் புள்ளி தானாக விழும். ஆனால் பழைய தட்டச்சுப்பொறி முறையில் கொம்பை முதலில் தட்டவேண்டும், அதைக் கொடுத்துவிடாதீர்கள். தமிழ்99-ல் சொல்லின் கடைசி மெய்க்குப் புள்ளி தானாக விழாது. ல, ள, ழ குழப்பமும் போகாது.

புலவர்_ராமலிங்கம்:
தேர்வுத்தாளில் விசைப்பலகை கிடையாது. பனோவுக்கு மதிப்பெண் போடச் சட்டமும் கிடையாது.

கௌரி_சிறப்புக்கல்வி:
2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் கற்றல் குறைபாடு பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது, ஐயா. தாளைப் பார்த்து நானோ நீங்களோ முடிவு சொல்லமுடியாது, அதற்கு முறையான மதிப்பீடு வேண்டும். அதைத் தடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ரம்யா_அம்மா:
மேடம், இப்போதே மூன்று சொல் சொல்லிப் பார்த்தேன். "தேர்" கொம்பு முதலில் போட்டுச் சரியாக எழுதினான். "மேளம்" எழுத ம போட்டுவிட்டு, திரும்பி வந்து கொம்பைச் செருகினான். "வேடம்" வடேம என்று வந்தது. அவனையே படிக்கச் சொன்னேன், மூன்றையும் தயங்காமல் சரியாகப் படித்தான்.

புலவர்_ராமலிங்கம்:
தேர் சரியாக வந்ததல்லவா? தெரிந்திருக்கிறது. வேடத்தில் கவனமில்லை. நான் முதலிலேயே சொன்னேன்.

கௌரி_சிறப்புக்கல்வி:
ஒரே கொம்பு, ஐந்து நிமிடத்தில் மூன்று விதம். அதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன். அம்மா, அந்தத் தாளைக் கிழிக்காமல் தேதி போட்டு வையுங்கள். நாளைக்கு அதே மூன்று சொல்லை வரிசை மாற்றிச் சொல்லி, முனை எங்கே தொடங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

வெற்றிவேல்_கோவை:
கண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் அக்கா.

ரம்யா_அம்மா:
சரிங்க. அந்த ஆங்கிலப் பி, டி?