என் தீம்கள் எல்லாம் வெறும் தலைப்புகளாம். என்ன செய்யலாம்?

வணக்கம். கல்வியியல் ஆய்வேட்டில் கண்டறிதல்கள் இயலில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 12 ஆசிரியர்களின் நேர்காணல்களைக் கோடிங் செய்து, நேரமின்மை, பயிற்சி, பெற்றோர் என்று மூன்று தீம் வைத்திருந்தேன். நெறியாளர் பார்த்துவிட்டு, "இவை நீங்கள் கேட்ட கேள்விகள்தானே, தீம் எங்கே?" என்றார். சுருக்கென்றது, ஆனால் சரிதான்.

ஒரு ஆசிரியர் சொன்னது இது: "குழு வேலை கொடுத்தா வகுப்பு சத்தமா இருக்கும். யாராவது எட்டிப் பார்த்தா பாடமே நடக்கலைன்னு நினைப்பாங்க." நேரம் பற்றிய கேள்விக்கு வந்த பதில் என்பதால் இதை நேரமின்மையில் போட்டிருந்தேன். இப்போது 'சத்தம் வந்தால் பாடம் நடக்கவில்லை என்று எண்ணுவார்கள்' என்று குறியீட்டை மாற்றினேன். அப்புறம் தேடினால், இதே பயம் இன்னும் நான்கு பேரிடம், பயிற்சி, பெற்றோர் பற்றிய பதில்களுக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால், 'பிறர் பார்வைக்குப் பயந்து கற்பிக்கும் முறையையே சுருக்கிக்கொள்கிறார்கள்' என்பதைத் தீமாக வைக்க நினைக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு பேர் வகுப்புச் சத்தத்தைப் பெருமையாகச் சொல்கிறார்கள். இருவருமே பணி மூத்தவர்கள். இவர்களை இதே தீமுக்குள் எதிர்நிலையாகக் காட்டி, பயம் யாருக்கு இல்லை, ஏன் இல்லை என்று எழுதலாமா? அல்லது தனித் துணைத் தீமாகப் பிரிப்பதா? இரண்டு பேரை வைத்துத் துணைத் தீம் என்றால் வாய்மொழித் தேர்வில் நிற்குமா? இப்படி எழுதியவர்கள் சொல்லுங்கள்.