சேலம் - மாதவரம் ஒரு ட்ரிப், ஓனர் கையில உண்மையா எவ்வளவு நிக்குது?

சேலம்_12வீல்: ஸ்டார்ச் மூட்டை 20 டன், டன்னுக்கு 1,400, வாடகை 28,000. ஒரு வழி 360 கிமீ, திரும்ப எம்ப்டி. வண்டி லிட்டருக்கு லோடோட 4 கிமீ, எம்ப்டில 6 கொடுக்குது, அதனால சராசரி 5னு வச்சு 720 கிமீக்கு 144 லிட்டர், டீசல் 93 ரூபா, 13,392. டோல் போகவர 5,000, டிரைவர் பேட்டா 3,000, ஏத்துக்கூலி 1,600. மிச்சம் 5,008, கணக்கு சரியா?

ரோடு_ராஜா: பேட்டா சரி, டோல்தான் இடிக்குது. எம்ப்டியா வர்றப்ப டோல் பாதிதானே வரும்?

பழைய_ஓனர்: இல்லைங்க, டோல் ஆக்ஸில் பாத்துதான், லோடு இருக்கா இல்லையான்னு பாக்க மாட்டாங்க. டீசல்லதான் தப்பு. 360ஐ 4ஆல வகுத்தா 90 லிட்டர், 360ஐ 6ஆல வகுத்தா 60, மொத்தம் 150. சராசரி மைலேஜ் 4.8தான் வரும், ஏன்னா லோடுல போற பாதி நிறைய குடிக்குது. டீசல் 13,950, கையில 4,450. டேங்க் ஃபுல் பண்ணி கிளம்பி, திரும்பி வந்து அதே பங்க்ல ஃபுல் பண்ணிப் பாருங்க, 160 லிட்டருக்கு மேல புடிச்சா ஏர் ஃபில்டர், டயர் காத்து, டீசல் திருட்டுன்னு ஒண்ணொண்ணா பாக்கணும்.

கொங்கு_டிரைவர்: நான் சொந்த வண்டிய நானே ஓட்டுறேன், பேட்டா 3,000 எனக்கே மிச்சம், அப்ப 7,450 லாபம்ல?

பழைய_ஓனர்: தம்பி அது உங்க கூலி, வண்டியோட லாபம் இல்ல. நாளைக்கு உடம்பு முடியலன்னு ஆள் போட்டா அந்த 3,000 வெளியதான் போகும்.

கொங்கு_டிரைவர்: கூலியோ லாபமோ வீட்டுக்கு வர்றது ஒண்ணுதாங்க, நான் ஒத்துக்க மாட்டேன்.

ரோடு_ராஜா: சரி, ரிட்டர்ன் லோடு போட வேண்டியதுதானே, எம்ப்டியா ஏன் வரணும். 12,000க்கு கிடைச்சாலும் அப்படியே லாபம்.

பழைய_ஓனர்: அப்படியே வராது. லோடோட வந்தா 60க்கு பதிலா 90 லிட்டர், கூடுதல் டீசலே 2,790. பேட்டா 1,200, கூலி 800, புரோக்கர் கமிஷன் 500 போனா 6,710 நிக்கும். எம்ப்டியா வந்தா 2 நாள்ல 4,450, அதாவது ஒரு நாளைக்கு 2,225. லோடுக்கு 2 நாள் காத்திருந்து 4 நாள்ல வந்தா 11,160, நாளைக்கு 2,790, அது நல்லதுதான். ஆனா காத்திருப்பு 3 நாள் ஆச்சுன்னா 2,232, ரெண்டும் ஒண்ணாயிடுது, அதுவும் காத்திருக்கிற பேட்டாவ சேக்காமலே.

சேலம்_12வீல்: சேலத்துல மறுலோடு ரெடியா இருந்தாத்தானே அந்தக் கணக்கு? எனக்கு இங்கயே 2 நாள் நிக்குது. அப்புறம் ட்யூ, இன்சூரன்ஸ், டயர் எல்லாம் இந்த 4,450லதான் வரணும்.

ரோடு_ராஜா: அப்ப மாதவரத்துல நிக்கறதும் சேலத்துல நிக்கறதும் ஒண்ணுதான், நான் ரிட்டர்ன் லோடுதான் எடுப்பேன்.

பழைய_ஓனர்: உங்க ஊர்ல லோடு கிடைக்கலன்னா நீங்க சொல்றது சரி. ஏத்துக்கூலி பார்ட்டி கொடுக்குமான்னு மட்டும் வாடகை பேசறப்பவே கேளுங்க, 400 மூட்டைக்கு 1,600 உங்க கையில இருந்து போகுது.