மெட்லே நீச்சல்ல ‘இல்லீகல் டர்ன்’: தமிழ்ல என்ன சொல்லலாம்?

கோமதி:
எல்லாருக்கும் வணக்கம். நீச்சல் விதிகளைத் தமிழ்ல எழுதிட்டிருக்கேன், நாலு வகை நீச்சலும் வர்ற மெட்லே பந்தயத்தோட ‘இல்லீகல் டர்ன்’ல வந்து மாட்டிக்கிச்சு. சட்டவிரோதத் திருப்பம்னு போட்டா மணல் கடத்துன மாதிரி இருக்கு. செல்லாத வாக்குன்னு சொல்றோமே, அப்படி ‘செல்லாத் திருப்பம்’னு வைக்கலாமா?

பாபு:
நல்லாருக்கே. ஆனா மெட்லேல முதல்ல மல்லாக்க நீச்சல்தானே, அதுல புரண்டு குட்டிக்கரணம் போட்டுத் திரும்பலாமே, அது செல்லும்தானே?

தணிகை:
பாபு, நீங்க சொல்ற வரிசை ரிலேக்கு. அதுல ஆளுக்கு ஒரு ஸ்ட்ரோக்கு, அதனால ஒருத்தரே ஸ்ட்ரோக் மாத்துற பேச்சே இல்ல. தனிநபர் மெட்லேன்னா பட்டர்ஃப்ளை, அடுத்து மல்லாக்க, அப்புறம் ப்ரெஸ்ட், கடைசியா ஃப்ரீஸ்டைல். தகராறு பெரும்பாலும் மல்லாக்கலேர்ந்து ப்ரெஸ்ட்டுக்கு மாறுற சுவத்துலதான். நான் சில வருஷம் டர்ன் ஜட்ஜா நின்னிருக்கேன், அந்த சுவரு வந்தாலே கண்ணு அகலமாயிடும்.

25 மீட்டர் குளத்துல 200 மெட்லேய எடுத்துக்குங்க. மல்லாக்க நீச்சல் 50லேர்ந்து 100 வரைக்கும். 75வது மீட்டர் சுவத்துல குப்புறப் புரண்டு, ஒரே ஒரு கை இழுப்போட விடாம கரணம் போட்டுத் திரும்பலாம், சுவரை விடுறப்ப மறுபடி மல்லாந்திருந்தா போதும். அதையே 100வது மீட்டர்ல செஞ்சா அவுட்டு. ஏன்னா விதிப்படி அந்த எடத்துல மல்லாக்க நீச்சல் *முடியுது*, பந்தயத்தோட கடைசி சுவத்துல எப்படியோ அப்படியே மல்லாந்தபடிதான் தொடணும். அதனால ‘திருப்பம்’ங்கற சொல்லே அங்க ஒத்து வரல, ‘மாறுதொடல்’னு தனியா ஒண்ணு வேணும்.

ரவி அப்பா:
சார் இப்பதான் எனக்கே புரியுது. எம்பொண்ணு போன வருஷம் ஒரு போட்டில மல்லாக்க நீச்சல்ல பழகுன கரணத்தையே மெட்லேலயும் போட்டுட்டா, ஹீட்ல முதல்ல வந்தும் பேரை எடுத்துட்டாங்க, நாங்க ரெண்டு நாள் அந்த ஜட்ஜைத் திட்டிட்டிருந்தோம். அப்ப கரணமே போடக்கூடாதா?

தணிகை:
போடலாங்க. மல்லாந்தபடி தொட்டுட்டு அதுக்கப்புறம் எப்படி வேணா திரும்பட்டும், எது முன்னாடி எது பின்னாடிங்கறதுதான் கேள்வி. பாரிஸ் ஒலிம்பிக்ல (2024) பெண்கள் 200 மெட்லே ஃபைனல்ல அமெரிக்காவோட அலெக்ஸ் வால்ஷ் மூணாவதா வந்து தொட்டாங்க, மல்லாக்க நீச்சலை மல்லாந்து முடிக்கலைன்னு பேரை எடுத்துட்டாங்க, வெண்கலம் ஆஸ்திரேலியாவோட கேலீ மெக்கியோனுக்குப் போச்சு.

கோமதி:
அப்ப ‘குப்புறத்தொடல்’னு வச்சுடலாமா? பாட்டிக்குக்கூடப் புரியும்.

தணிகை:
அக்கா, கேக்க நல்லாருக்கு, ஆனா அப்படி முழுசா குப்புற விழுந்து யாரும் மாட்டுறதில்ல. மாட்டுறவங்க எல்லாம் ஒருக்களிச்சு வர்றவங்க. கையை எதிர்ப்பக்கமா குறுக்க நீட்டித் தொட்டா உடம்பு பாதி திரும்பியே இருக்கும், ப்ரெஸ்ட்டுக்கு சட்டுனு கிளம்பிடலாம், நொடியில ஒரு துளி மிச்சமாகும்ங்கற ஆசைதான். 90 டிகிரிக்கு உள்ள இருந்தா அது மல்லாந்ததுதான், 90ஐத் தொட்டாலே போச்சு. தலை எங்க பாக்குதுன்னு கணக்கில்ல, அதுனால நான் மொகத்தைப் பாக்கவே மாட்டேன். தோள் ரெண்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிக்குதா, விரல் சுவத்துல பட்டுச்சா, இந்த ரெண்டையும் ஒரே பார்வையில புடிக்கணும். தண்ணி தெறிக்கிறப்ப சத்தியமா சொல்றேன், பாதி நேரம் சந்தேகம்தான், சந்தேகம்னா தப்புன்னு சீட்டு எழுத மாட்டோம்.

பாபு:
அப்ப ‘முன்புரளல்’? தொடுறதுக்கு முன்னாடி புரள்றது, முன்பக்கமா புரள்றது, ரெண்டும் அதுலயே அடங்கிருது.

கோமதி:
ரெண்டு அர்த்தம் வர்றதுதான் கலைச்சொல்லுக்கு ஆகாதும்பாங்க. ஆனா இங்க ரெண்டுமே சரியா வருதே! எனக்குப் புடிச்சிருக்கு.

தணிகை:
மல்லாக்க நீச்சலுக்கு சரி. ஃப்ரீஸ்டைல்ல தப்பு தலைகீழாப் போகும். 2015ல கசான்ல நடந்த உலக நீச்சல் போட்டியில அமெரிக்காவோட ரயன் லாக்டி மெட்லேயோட ஃப்ரீஸ்டைல் பகுதியில சுவரை உதைச்சுட்டு மல்லாந்தபடியே டால்ஃபின் உதை உதைச்சுட்டுப் போனாரு, அதுக்கப்புறம் அதைத் தடுத்தாங்க. இப்ப விதி என்னன்னா, சுவத்தை விட்டதும் மறுபடி உதைக்கிறதுக்கோ கை வீசுறதுக்கோ முன்னாடி குப்புற வந்துடணும். அங்க புரண்டது தப்பில்ல, புரளாம இருந்ததுதான் தப்பு. அதுக்கு முன்புரளல் ஒதவாது.

ரவி அப்பா:
‘புரளாமை’னு வைங்களேன்?

கோமதி:
அது ஏதோ திருக்குறள் அதிகாரம் மாதிரி இருக்குங்க 😄 மாறுதொடலும் முன்புரளலும் பட்டியல்ல ஏத்திட்டேன். ஃப்ரீஸ்டைலுக்கு இடம் காலியா விட்டிருக்கேன், ஞாயித்துக்கிழமைக்குள்ள யாராவது சொல்லுங்க.