தோரணக்குறி, வேட எழுத்து: இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

மாலதி எழுதியது:

எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவுக்கு ஒரு பக்க வழிகாட்டி எழுதுகிறேன். குழுவில் இரண்டு பேர் திரைவாசிப்பான் வைத்துத்தான் செய்திகளைக் கேட்கிறார்கள். செய்தியின் தலையிலும் காலிலும் போடுகிற நட்சத்திரம், கோடு, அடுக்கடுக்கான இமோஜி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் வேண்டும். 'அலங்காரக் குறியீடு' என்று எழுதிப் பார்த்தேன், நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது. போன வாரம் நானே அனுப்பிய செய்தி இது:

```
✨🎉✨🎉✨🎉✨
━━━━━━━━━━
ஆண்டுக் கூட்டம்
𝟏𝟓.𝟎𝟔 மாலை 𝟓.𝟑𝟎
🙏🏽🙏🏽🙏🏽🙏🏽
```

ராஜேஷ்:

இமோஜிக்கு 'உணர்குறி' என்று ஏற்கெனவே இருக்கிறதே. புதிதாக எதற்கு?

மாலதி:

இமோஜிக்குச் சொல் கேட்கவில்லை ராஜேஷ். அதை வரிசையாகக் கட்டித் தொங்கவிடுகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு.

குமரன்:

நீங்களே சொல்லிவிட்டீர்கள், தோரணம்தான். 'தோரணக்குறி' என்று வைக்கலாம். நான் ஆண்ட்ராய்டு போனின் திரைவாசிப்பானான டாக்பேக்கில் கேட்கிறவன், இந்தச் செய்தி என் காதில் எப்படி விழுகிறது என்று சொல்கிறேன். ஸ்பார்க்கிள்ஸ், பார்ட்டி பாப்பர், ஸ்பார்க்கிள்ஸ், பார்ட்டி பாப்பர் என்று ஏழு தடவை. கண் அதைத் தாண்டி ஒரே நொடியில் 'கூட்டம்' என்ற சொல்லுக்குப் போய்விடும், காதுக்கு அந்த வசதி கிடையாது. விரலைத் தள்ளினால் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறது, ஆகவே முழுதும் கேட்கத்தான் வேண்டும். கடைசியில் வருகிற கும்பிடும் கைகளில் தோலின் நிறம் வேறு சேர்ந்திருக்கிறது, நான்கு முறையும் அதையும் சொல்லும்.

ஆனால் இதெல்லாம் எரிச்சல், அவ்வளவுதான். உண்மையான கோளாறு நான்காவது வரியில். அங்கே இருக்கும் தடித்த எண்கள் எண்களே இல்லை அக்கா. சாதாரண 1இன் யூனிகோட் குறியெண் U+0031, நீங்கள் போட்டது U+1D7CF, கணித நூல்களுக்காக 2001இல் யூனிகோடில் சேர்த்த தனிக்குறி. என் போனில் இருக்கும் குரல் அதை விழுங்கிவிட்டது. எனக்குக் கேட்டது "ஆண்டுக் கூட்டம், மாலை". தேதியும் இல்லை, மணியும் இல்லை. வேறொரு குரலில் ஒவ்வொரு எண்ணுக்கும் "மேதமேட்டிக்கல் போல்ட் டிஜிட்" என்று முழுப்பெயரையும் வாசிக்கும். இதைத் தோரணத்தோடு சேர்க்காதீர்கள், இதற்குத் தனிச்சொல் வேண்டும்.

சிவநேசன் (யாழ்ப்பாணம்):

இது எங்கட பழைய பாமினி எழுத்துருப் பிரச்சினைதானே? எழுத்துருவை மாற்றினால் சரியாகிவிடும்.

குமரன்:

பாதி சரி அண்ணை. கண்ணுக்குத் தெரிவது ஒன்று, உள்ளே இருக்கும் குறியெண் வேறொன்று என்பது இரண்டுக்கும் பொது. பாமினியில் உள்ளே ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகம். இங்கே எழுத்துருவே மாறவில்லை, எழுத்தே வேறு. எந்த எழுத்துருவைப் போட்டாலும் அது கணிதக்குறிதான். கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் புதிய பதிப்புகளில் Unicode normalization என்றொரு அமைப்பு உண்டு, அதைப் போட்டால் சாதாரண எண்ணாக வாசிக்கும். அதுவும் கேட்பவர் போய்ப் போட வேண்டியது, செய்தி அனுப்பியவர் கையில் இல்லை.

மாலதி:

ஐயோ, மணி தெரியாமலா எங்கள் குழுவில் திரைவாசிப்பான் வைத்திருக்கும் ஒருவர் வரவில்லை! நான் அழகாக இருக்கட்டும் என்று ஒரு 'ஃபேன்சி ஃபான்ட்' ஆப்பில் அடித்து ஒட்டினேன். சரி, 'கணித எழுத்து' என்று சொல்லிவிடலாமா?

குமரன்:

வேண்டாம். கணிதக் கட்டுரையில் அந்தக் குறி தன் வேலையைத்தான் செய்கிறது. குழுவில் வந்து தேதிபோல நிற்கும்போதுதான் வேடம் போடுகிறது. 'வேட எழுத்து' என்பேன்.

சிவநேசன்:

வேடம் என்றால் ஏமாற்று என்ற பொருள் வந்துவிடாதா? போட்டவர் மனம் நோகும்.

மாலதி:

நோகட்டும், நான்தானே போட்டேன். திருத்திய செய்தி இப்படி, பாருங்கள்:

```
*ஆண்டுக் கூட்டம்: ஜூன் 15, மாலை 5.30*
அனைவரும் வருக 🙏
```

குமரன்:

இது நன்றாகக் கேட்கிறது. வாட்ஸப்பில் சொல்லின் இரு பக்கமும் ஒட்டி நட்சத்திரம் போட்டால் எழுத்து தடிக்கும், ஆனால் அதே எழுத்தாகவே இருக்கும். இமோஜி ஒன்று, கடைசியில், சொல்லுக்குப் பதிலாக இல்லாமல் சொல்லுக்குப் பின்னால். அனுப்பும் முன் சோதிக்க வேண்டுமானால், அணுகல்தன்மை அமைப்பில் டாக்பேக் குறுக்குவழியை ஒருமுறை இயக்கிவிடுங்கள். அப்புறம் ஒலிப்பொத்தான் இரண்டையும் சில நொடி சேர்த்து அழுத்தினால் பேச ஆரம்பிக்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். திரையைப் பார்க்காமல் கேளுங்கள்.

ராஜேஷ்:

அப்படியானால் பிறந்தநாள் வாழ்த்துக்குக் கேக் படமே போடக்கூடாதா? என் பெண் ஒன்பது கேக் போடுவாள்.

குமரன்:

ஒரு கேக் போடச் சொல்லுங்கள், எனக்கும் அது கேக்தான். ஒன்பதும் கேட்டால் வயிறு நிறைந்துவிடுகிறது.

மாலதி:

தோரணக்குறியை எடுத்துக்கொள்கிறேன். வேட எழுத்தை அடைப்பில் கேள்விக்குறியோடு வைக்கிறேன், சிவநேசன் அண்ணன் வேறு சொல் தந்தால் மாற்றலாம்.

சிவநேசன்:

'போலி எழுத்து' என்று சொல்ல வந்தேன், அது இன்னும் மோசம். நாளைக்கு யோசித்துச் சொல்கிறேன்.