மெயில் இறக்கியதும் மொபைலில் காணாமல் போகிறது: பாப் வைப்பதா, ஐமேப்புக்கு மாறுவதா?

கயல்: எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொரு மெயில் கணக்கு. மேசைக் கணினியில் தண்டர்பேர்டு, பாப் அமைப்பு. மொபைலில் ஐமேப். காலையில் மொபைலில் பார்த்த மெயில், கணினியைத் திறந்து கொஞ்ச நேரத்தில் மொபைலிலிருந்து மறைந்துவிடுகிறது. இணையமும் ரொம்ப மெதுவு. எதை வைத்துக்கொள்வது?

திண்ணை: மெதுவான இணையம் என்றால் பாப்தான். ஒரு தடவை இறக்கினால் முடிந்தது. ஐமேப் சும்மா சும்மா சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும்.

நூல்கண்டு: ஒரே கணினி என்றால் திண்ணை சொல்வது சரி. இரண்டு மூன்று கருவி என்றால் கணக்கு மாறிவிடும். பாப்பில் ஒவ்வொரு கருவியும் முழு மெயிலையும் இணைப்போடு சேர்த்துத் தனித்தனியாக இழுக்கும். ஐமேப்பில் மொபைல் முதலில் தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தொட்டால்தான் இணைப்பை இறக்கும்படி வைக்கலாம்.

கயல், பாப்பில் மெயிலை இறக்கியதும் சர்வரிலிருந்து அழிப்பது உங்கள் மேசைக் கணினிதான் என்று நினைக்கிறேன். தண்டர்பேர்டில் Server Settings-இல் `Leave messages on server` டிக் ஆகியிருக்கிறதா?

கயல்: இல்லை!

நூல்கண்டு: இப்போதைக்கு அதை டிக் செய்யுங்கள், மறைவது நிற்கும். ஆனால் படித்தது, படிக்காதது என்ற குறி கருவிகளுக்குள் ஒத்துப்போகாது. கணினியில் அனுப்பியதும் மொபைலில் தெரியாது. அதற்கு ஐமேப்தான் வழி.

மாறும்போது பாப் கணக்கை நீக்காதீர்கள், பழைய மெயில் அதில் மட்டும்தான் இருக்கும். ஐமேப்பை இரண்டாவது கணக்காகச் சேர்த்துவிட்டு, பாப்பில் தானாக மெயில் பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். பழையதை ஐமேப்புக்கு இழுத்துப் போட்டால் அத்தனையும் மேலே ஏற்றும். உங்கள் இணையத்துக்கு அது வேண்டாம்.

அப்புறம் Synchronization & Storage-க்குள் போய், எல்லா ஃபோல்டரையும் கணினியில் வைத்துக்கொள்ளும் டிக்கை எடுங்கள். இல்லாவிட்டால் முதல் நாளே மொத்த மெயிலையும் இழுக்க ஆரம்பித்துவிடும். அதே பக்கத்தில் `Don't download messages larger than` என்பதில் 50 கேபி போலப் போடலாம்.

வெயிலான்: எங்களுக்கும் மெயில் பிரச்சினை. பெட்டி நிறைந்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் செய்தி வருகிறது. பாப்புக்கு மாறினால் சரியாகுமா?

நூல்கண்டு: அது வேறு விஷயம், தனியாகக் கேளுங்கள். ஆனால் கயலுக்கும் இது வரலாம். ஐமேப்பில் எல்லாம் சர்வரிலேயே கிடக்கும், இடம் தீரும். மொபைலில் அழித்தால் கணினியிலும் போய்விடும் என்பதை எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

கயல்: மாற்றிவிட்டேன், மறைவது நின்றது. ஆனால் பெரிய இணைப்போடு அனுப்பினால், மெயில் போன பிறகும் ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நூல்கண்டு: ஒரு தடவை அனுப்புகிறது, அப்புறம் Sent ஃபோல்டருக்கு அதே மெயிலை மறுபடியும் ஏற்றுகிறது. Copies & Folders-இல் அந்தப் பிரதியை Local Folders-க்கு மாற்றினால் வேகமாகும்; அனுப்பியது மொபைலில் தெரியாமல் போகும்.

திண்ணை: சில சர்வர்கள் அனுப்பியதைத் தாமே Sent-இல் போட்டுக்கொள்ளும். உங்கள் சர்வர் அப்படியா என்று பாருங்கள். அப்படியென்றால் பிரதியே வேண்டாம்.

கயல்: சர்வரைப் பார்ப்பவரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.